ரவுட்டரைக் காப்பாற்றும் 128 கிலோபைட்

2025 செப்டம்பரில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, தாக்குதல்காரர்கள் உண்மையிலேயே பயன்படுத்திவரும் ஓட்டைகளின் பட்டியலில் CVE-2025-9377 என்ற எண்ணைச் சேர்த்தது. அந்த ஓட்டை இருப்பதாகக் குறிக்கப்பட்டவை டிபி-லிங்க் நிறுவனத்தின் இரண்டு பழைய ரவுட்டர்கள். ஒன்று Archer C7 V2. மற்றொன்று TL-WR841N V9. இரண்டாவதன் பெயர் தெரியாதவர்களுக்கும் உருவம் தெரிந்திருக்கும். வெள்ளைப் பெட்டி, பின்னால் இரண்டு ஆன்டெனா, நான்கு மஞ்சள் துளை, ஒரு நீலத் துளை. இந்தியாவில் வீட்டு வைஃபை பரவிய காலத்தில் எத்தனையோ வீடுகளிலும் சிறு கடைகளிலும் ஏறி உட்கார்ந்த மாடல் அது.

ஓட்டை இருப்பது பிள்ளைகளின் இணையப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பக்கத்தில். பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் அந்தப் பக்கத்தின் வழியாக ரவுட்டருக்குள் தம் இஷ்டத்துக்குக் கட்டளைகளை ஓட்ட முடியும். பாஸ்வேர்டு தெரிந்தால்தானே என்று நிம்மதி அடையவும் வழியில்லை. சேமித்து வைத்த பாஸ்வேர்டை வெளியே கசியவிடும் இன்னொரு ஓட்டையும் இதே மாடலில் உண்டு. அதுவும் அதே நாளில் அதே பட்டியலில் ஏறியது. இப்படிப் பிடிக்கப்பட்ட வீட்டு ரவுட்டர்களின் கூட்டத்தை வைத்துக்கொண்டு யாரோ பெருநிறுவனக் கணக்குகளின் பாஸ்வேர்டுகளை ஊகித்துப் பார்த்துவருகிறார்கள் என்று மைக்ரோசாஃப்ட் 2024 அக்டோபர் இறுதியிலேயே அறிக்கை வெளியிட்டிருந்தது.

விற்பனையும் ஆதரவும் நின்றுபோன மாடலுக்கு நிறுவனங்கள் பொதுவாகப் புதிய ஃபர்ம்வேர் தருவதில்லை. இந்த முறை டிபி-லிங்க் தந்தது. 2024 நவம்பர் 8 தேதியைக் குறிக்கும் 241108 என்ற எண்ணுக்கு முந்தையவை எல்லாம் ஓட்டையுள்ளவை. ஆக, அந்த வெள்ளைப் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது செய்தே ஆகவேண்டிய வேலை.

ஆனால் செய்யப் பலருக்குக் கை வராது. பாதியில் கரண்ட் போனால் பெட்டி செத்துவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது கட்டுக்கதை இல்லை. அப்படிச் செத்த ரவுட்டரை எப்படி எழுப்புவது என்பதைச் சொல்ல மட்டும் அந்த யாரோ மறந்திருப்பார். எழுப்பும் வழியைத் தெரிந்துகொள்ள, பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னச் சில்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

TL-WR841N V9-இன் ஃபிளாஷ் சில்லின் கொள்ளளவு 4 மெகாபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைவிடப் பெரிதாக இருக்கலாம். அந்த 4 மெகாபைட், அதாவது 4,096 கிலோபைட், நான்கு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் 128 கிலோபைட்டில் பூட்லோடர். அடுத்த 3,840 கிலோபைட்டில் ஃபர்ம்வேர். பிறகு 64 கிலோபைட்டில் வீட்டுக்காரர் செய்துவைத்த அமைப்புகள். கடைசி 64 கிலோபைட்டில் வைஃபை ரேடியோவின் அளவீட்டுத் தரவு. இந்தக் கடைசித் துண்டு ஒவ்வொரு பெட்டிக்கும் தொழிற்சாலையில் தனித்தனியாக எழுதப்படுவது. எந்த வலைத்தளத்திலும் அதை இறக்க முடியாது.

மின்சாரம் வந்ததும் முதலில் கண்விழிப்பது பூட்லோடர். அது ஃபர்ம்வேரைப் பிடித்து நினைவகத்தில் ஏற்றி ஓடவிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. வலைப்பக்கம், வைஃபை, பாஸ்வேர்டு என்று நாம் ரவுட்டர் என நினைப்பதெல்லாம் ஃபர்ம்வேரின் வேலை. ஃபர்ம்வேர் சிதைந்தால் அவை எல்லாம் போகும், பூட்லோடர் போகாது. ஏற்றுவதற்கு உருப்படியாக ஒன்றும் கிடைக்காமல் அது அங்கேயே நிற்கும். செத்த ரவுட்டர் என்று குப்பைக்குப் போகும் பெட்டிகளில் பலவற்றில் இதுதான் நிலைமை.

புதுப்பிக்கும்போது நடப்பதை வரிசையாகப் பார்த்தால் ஆபத்து எந்த இடத்தில் என்பது துல்லியமாகத் தெரியும். உலாவி வழியாக அனுப்பும் ஃபைல் நேராகச் சில்லுக்குப் போவதில்லை. முதலில் ரவுட்டரின் 32 மெகாபைட் தற்காலிக நினைவகத்தில் வந்து சேர்கிறது. ஃபைலின் தலைப்பில் உள்ள மாடல் அடையாளமும் சரிபார்ப்புக் கூட்டும் சோதிக்கப்படுகின்றன. தவறான மாடலுக்கான ஃபைல் என்றால் 18005 என்ற பிழை எண்ணைக் காட்டி மறுத்துவிடும். இதுவரை கேபிளைப் பிடுங்கினாலும் கரண்ட் போனாலும் நட்டமில்லை, பழைய ஃபர்ம்வேர் சில்லில் அப்படியே இருக்கிறது. சோதனை முடிந்ததும்தான் பழையது அழிக்கப்பட்டுப் புதியது எழுதப்படுகிறது. ஓரிரு நிமிடம் நீளும் அந்த இடைவெளியில் மின்சாரம் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

விலை கூடிய சில ரவுட்டர்களில் ஃபர்ம்வேருக்கு இரண்டு அறைகள் இருக்கும். லிங்க்ஸிஸ் நிறுவனத்தின் WRT1900AC அப்படிப்பட்டது. ஒன்றில் எழுதும்போது கெட்டால் மற்றதிலிருந்து எழுந்துகொள்ளும். 4 மெகாபைட் சில்லில் அந்த வசதிக்கு இடமில்லை. அதனால்தான் பூட்லோடருக்குள் ஒரு பின்வாசலை வைத்திருக்கிறார்கள். வாசலின் பெயர் டிஎஃப்டிபி.

டிஎஃப்டிபி என்பது ஃபைல் அனுப்பும் நெறிமுறைகளிலேயே மிக எளியது. கேரன் சொல்லின்ஸ் எழுதிய அதன் வரையறை 1981-இல் வந்தது. இன்று புழக்கத்தில் உள்ள திருத்தம் 1992-இல் வந்தது. பாஸ்வேர்டு கிடையாது, கோப்புறைப் பட்டியல் கிடையாது, பெயர் சொல்லிக் கேட்டால் ஃபைல் வரும், அவ்வளவுதான். அனுப்புபவர் 512 பைட் அனுப்புவார். பெறுபவர் வந்துவிட்டது என்று பதில் சொல்வார். பதில் வந்தால்தான் அடுத்த 512 பைட். கடைசித் துண்டு 512-ஐவிடச் சிறியதாக வந்தால் ஃபைல் முடிந்தது என்று பொருள். TL-WR841N V9-இன் ஃபர்ம்வேர்ப் பகுதி 39,32,160 பைட். அது 512-ஆல் மீதியின்றி வகுபடும், 7,680 துண்டுகள். மீதி இல்லாததால் முடிவைச் சொல்ல 7,681-ஆவதாக ஒரு வெறுந்துண்டு போகும். இன்றைய கண்ணுக்கு இது மந்தமான ஏற்பாடாகத் தெரியலாம். ஆனால் இதை நடத்தத் தேவைப்படும் நிரல் மிகச் சிறியது, 128 கிலோபைட் பூட்லோடருக்குள் சுலபமாக அடங்கிவிடும்.

எனவே புதுப்பிக்கும் வேலையைப் பின்வாசலிலிருந்தே தொடங்குவது நல்லது. பெரும்பாலானவர்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். பட்டனை அழுத்திவிட்டு, பெட்டி எழவில்லை என்றதும் மீட்கும் வழியைத் தேடுகிறார்கள். வீட்டின் இணையமே அந்தப் பெட்டி வழியாகத்தான் வருகிறது என்பது அப்போதுதான் உறைக்கிறது. மீட்பு ஃபைல், டிஎஃப்டிபி மென்பொருள், ஒரு நெட்வொர்க் கேபிள் மூன்றும் முன்கூட்டியே கம்ப்யூட்டரில் தயாராக இருக்க வேண்டும். கேபிள் துளை இல்லாத மெல்லிய லேப்டாப் என்றால் யுஎஸ்பியில் செருகும் நெட்வொர்க் அடாப்டர் ஒன்றும் வேண்டும். வைஃபை வழியாக இந்த மீட்பு நடக்காது, ஏனென்றால் பூட்லோடருக்கு வைஃபை தெரியாது.

ஒரு வீட்டில் இந்த வேலை முழுவதும் எப்படி நடக்கும் என்று பார்ப்போம். உள்ளூர் கேபிள்காரரிடம் எடுத்த இணைப்பு, TL-WR841N, விண்டோஸ் அல்லது லினக்ஸ் லேப்டாப் ஒன்று.

முதல் வேலை பெட்டியைத் தலைகீழாகத் திருப்புவது. அடியில் ஒட்டிய லேபிளில் மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் Ver: 9.0 என்பதுபோல ஒரு எண் இருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் 8-ஆம் பதிப்பும் 9-ஆம் பதிப்பும் 11-ஆம் பதிப்பும் உள்ளே வேறு வேறு கருவிகள். ஒன்றின் ஃபைல் மற்றொன்றுக்கு ஆகாது. வலைப்பக்கத்தில் ஏற்றினால் 18005 காப்பாற்றும். டிஎஃப்டிபி வழியில் அதே அளவு காவல் இருக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது. எந்த நாட்டுக்கான பதிப்பு என்பதையும் பார்த்து, நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் ஃபைலை இறக்க வேண்டும். ஜிப்பாக வருவதைப் பிரித்தால் உள்ளே .bin என்று முடியும் ஃபைல் கிடைக்கும்.

இரண்டாவது பேக்கப். உலாவியில் 192.168.0.1 என்று அடித்து உள்ளே போகலாம். சில பெட்டிகளின் லேபிளில் tplinklogin.net என்று அச்சிட்டிருக்கும். அதை அடிக்க வேண்டாம். அந்தப் பெயரின் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டு, அது நிறுவனத்தின் கையைவிட்டே போய்விட்டது என்பது 2016-இல் வெளியே வந்தது. கோடிக்கணக்கில் பெட்டி விற்ற நிறுவனம் தன் பெட்டியில் தானே அச்சிட்ட முகவரியைத் தொலைத்த கதை இது. எண்ணை அடிப்பதே பத்திரம்.

System Tools என்ற பட்டியலில் Backup & Restore இருக்கிறது. Backup-ஐ அழுத்தினால் config.bin என்று சில கிலோபைட்டில் ஒரு ஃபைல் வரும். இணைப்புக்கான பயனர்பெயர், பாஸ்வேர்டு, வைஃபை பெயர், வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாவி, அந்தச் சாவியும் பல வருடங்களாக ஊருக்கே தெரியும். இலவச மென்பொருள் ஒன்றில் போட்டால் உள்ளே இருப்பது வரிவரியாகப் படிக்கக் கிடைக்கும். வாட்ஸாப்பில் யாருக்கும் அனுப்பும் பொருளல்ல அது.

அந்த ஃபைலை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. புதிய ஃபர்ம்வேரில் அமைப்புகள் சேமிக்கப்படும் விதம் மாறியிருந்தால் பழைய config.bin ஏற்காமல் போகலாம், அல்லது ஏற்றுக்கொண்டு ஏதோ ஒன்றைத் தப்பாக வைத்துக்கொள்ளலாம். வேறு பதிப்புப் பெட்டிக்கு மாறினால் அது செல்லவே செல்லாது. ஆகவே முக்கியமான பக்கங்களைக் கைபேசியில் படம் பிடித்து வைக்க வேண்டும். இணைப்பின் வகை, அதன் பயனர்பெயரும் பாஸ்வேர்டும், ஏதாவது போர்ட் திறந்துவிட்டிருந்தால் அந்தப் பட்டியல், பிரிண்டருக்கும் கேமராவுக்கும் நிலையாகக் கொடுத்த ஐபி எண்கள். பாஸ்வேர்டு திரையில் புள்ளிகளாகத் தெரிந்தால் கேபிள்காரரிடம் முன்னமே கேட்டு எழுதி வைப்பது உத்தமம்.

பலர் மறப்பது மேக் முகவரி. சிறு இணைப்பு நிறுவனங்கள் சில, வாடிக்கையாளரின் கருவியை அதன் மேக் முகவரியை வைத்துத்தான் அடையாளம் காண்கின்றன. முதலில் லேப்டாப்பில் நேராக இணைத்து, பிறகு ரவுட்டர் வாங்கியவர் வீட்டில், ரவுட்டர் அந்த லேப்டாப்பின் முகவரியைப் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும். MAC Clone என்ற பக்கத்தில் அது தெரியும். அமைப்புகள் அழிந்தபின் எல்லாம் சரியாக நிரப்பியும் இணைப்பு மட்டும் வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது மீட்பு ஃபைல். இறக்கிய ஃபைலின் பெயரில் boot என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய டிபி-லிங்க் வெளியீடுகளில் up_boot என்று அடிக்கடி வரும். அதற்குள் ஃபர்ம்வேரோடு ஒரு பூட்லோடரும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். வலைப்பக்கம் வழியாக ஏற்றும்போது அதை எங்கே வெட்ட வேண்டும் என்பது ரவுட்டருக்குத் தெரியும். டிஎஃப்டிபி வழியில் பூட்லோடர் தான் பெறுவதை ஃபர்ம்வேர்ப் பகுதியின் முதல் பைட்டிலிருந்து எழுதும். ஃபர்ம்வேர் தொடங்க வேண்டிய இடத்தில் இன்னொரு பூட்லோடரின் நகல் போய் உட்கார்ந்தால் பெட்டி எழாது. அதைவிட மோசம், 128 கிலோபைட் அதிகமாக உள்ள ஃபைல் முழுவதும் எழுதப்பட்டால் தன் பகுதியைத் தாண்டி, கடைசியில் இருக்கும் ரேடியோ அளவீட்டின் மேலும் ஏறும்.

எனவே முன்பகுதியை வெட்டிவிட வேண்டும். 512 பைட் தலைப்பு, பிறகு 128 கிலோபைட் பூட்லோடர், மொத்தம் 1,31,584 பைட். அது 512-இன் 257 மடங்கு. லினக்ஸில் ஒரே வரி:

```
dd if=original.bin of=wr841nv9_tp_recovery.bin bs=512 skip=257
ls -l wr841nv9_tp_recovery.bin
```

இரண்டாவது வரி ஃபைலின் அளவைக் காட்டும். 3932160 என்று வந்தால் வெட்டு சரி. வேறு எண் வந்தால் மேற்கொண்டு போகக் கூடாது. விண்டோஸில் HxD போன்ற ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து முதல் 0x20200 பைட்டைத் தேர்ந்தெடுத்து அழித்து வேறு பெயரில் சேமித்தால் அதே பலன். பெயரில் boot இல்லாத ஃபைல் என்றால் வெட்டும் வேலையே இல்லை, பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

அந்தப் பெயர் ஏன் அப்படி? V9-இன் பூட்லோடர் கேட்பது அந்த ஒரே பெயரைத்தான். ரீசெட் பட்டனை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால் அது தனக்கு 192.168.0.86 என்ற எண்ணைச் சூட்டிக்கொள்ளும். 192.168.0.66 என்ற எண்ணில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும் என்று நம்பி, wr841nv9_tp_recovery.bin இருக்கிறதா என்று கேட்கும். எண்ணிலோ எழுத்திலோ ஒன்று பிசகினாலும் ஒன்றும் நடக்காது.

நான்காவதாக ஒத்திகை. இதை எந்தக் கையேடும் சொல்வதில்லை, ஆனால் செலவழிக்கும் பத்து நிமிடத்துக்கு இதைவிடப் பெறுமானமுள்ள வேலை இல்லை. லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, கேபிளை ரவுட்டரின் மஞ்சள் துளைகளில் ஒன்றில் செருக வேண்டும், நீலத்தில் அல்ல. நெட்வொர்க் அமைப்பில் லேப்டாப்புக்கு 192.168.0.66 என்ற எண்ணையும் 255.255.255.0 என்ற மாஸ்க்கையும் கையால் கொடுக்க வேண்டும். விண்டோஸில் Tftpd64 என்ற இலவச மென்பொருளைத் திறந்து, ஒரு வெற்றுக் கோப்புறையைக் காட்ட வேண்டும். லினக்ஸில் dnsmasq போதும்:

```
sudo ip addr add 192.168.0.66/24 dev eth0
sudo dnsmasq -d --port=0 --enable-tftp --tftp-root=/srv/tftp
```

eth0 என்பதற்குப் பதிலாக அந்த லேப்டாப்பின் நெட்வொர்க் அட்டைக்கு உள்ள பெயரைப் போட வேண்டும். பிறகு ரவுட்டரை அணைத்து, WPS/RESET பட்டனை அழுத்தியபடியே இயக்கி, முன்பக்கத்தில் டபிள்யூபிஎஸ் விளக்கு எரிந்ததும் விரலை எடுக்க வேண்டும். மென்பொருளின் பதிவில், 192.168.0.86-இலிருந்து இன்ன பெயரில் ஃபைல் கேட்டார்கள், இங்கே இல்லை என்று ஒரு வரி விழும். அந்த ஒரு வரியில் நான்கு விஷயம் உறுதியாகிறது. பூட்லோடர் உயிரோடு இருக்கிறது, கேபிள் சரி, ஃபயர்வால் மறிக்கவில்லை, பூட்லோடர் கேட்கும் பெயர் இதுதான். கோப்புறை காலியாக இருப்பதால் எதுவும் எழுதப்படாது. பட்டனைத் தொடாமல் ஒருமுறை அணைத்து இயக்கினால் ரவுட்டர் பழையபடி எழும். பட்டனை அளவுக்கு மீறி அழுத்தியிருந்தால் அமைப்புகள் அழிந்திருக்கலாம், அதனால்தான் பேக்கப் இதற்கு முன்பே.

ஒத்திகையில் வரி விழவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று. விண்டோஸ் ஃபயர்வால் யுடிபி 69-ஆம் போர்ட்டை அடைத்திருக்கும். Tftpd64 முதல்முறை ஓடும்போது கேட்கும் அனுமதியில் பொது நெட்வொர்க்கையும் சேர்த்துச் சம்மதிக்க வேண்டும். மற்றது கொஞ்சம் நுட்பம். ரவுட்டரை அணைத்ததும் லேப்டாப்பின் கேபிள் துளை இணைப்பு போய்விட்டது என்று தூங்கிவிடுகிறது. ரவுட்டர் எழுந்து ஃபைல் கேட்கும் சில நொடிகளுக்குள் அது விழித்து எண்ணைப் போட்டுக்கொள்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாதாரண நெட்வொர்க் சுவிட்சை வைத்தால் தீர்ந்தது. சுவிட்ச் எப்போதும் விழித்திருப்பதால் லேப்டாப் தூங்காது.

இவ்வளவும் ஆனபின் உண்மையான புதுப்பித்தல் சப்பென்று முடிந்துவிடும். லேப்டாப்பின் எண்ணைத் தானியங்கிக்கு மாற்றி, கேபிள் வழியாகவே 192.168.0.1 போய், Firmware Upgrade பக்கத்தில் ஃபைலைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளைத் தவிர்க்கலாம். வீட்டு இன்வெர்ட்டர் இருந்தாலும் மாறும் அந்தக் கண நேரத்தில் ரவுட்டர் அணைந்து எழுவதைப் பார்த்திருப்பீர்கள். எழுதும் நேரத்தில் அதுவே போதும் கெடுக்க. ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன பேட்டரிப் பெட்டி இருந்தால் நல்லது, ஆனால் வாங்குமுன் அடாப்டரில் உள்ள வோல்ட் எண்ணைப் பார்க்க வேண்டும். இந்த மாடலுக்கு 9 வோல்ட். கடைகளில் அதிகம் கிடைப்பதோ 12 வோல்ட்டுக்கானது.

இனி, கரண்ட் போனது என்று வைத்துக்கொள்வோம். திரும்ப வந்தபின் எல்லா விளக்கும் ஒருமுறை மின்னி அணைகின்றன, மறுபடி மின்னுகின்றன, அதுவே தொடர்கிறது. அல்லது பவர் விளக்கு மட்டும் அசையாமல் நிற்கிறது. வைஃபை பெயர் கைபேசியில் தெரியவில்லை. ஃபர்ம்வேர் போய்விட்டது.

ஒத்திகை பார்த்த வீட்டில் இப்போது பதற்றத்துக்கு வேலை இல்லை. லேப்டாப்புக்கு மறுபடி 192.168.0.66. கோப்புறையில் இம்முறை மீட்பு ஃபைலை வைத்து மென்பொருளை ஓட்டி, பட்டனை அழுத்தியபடி இயக்கினால் டபிள்யூபிஎஸ் விளக்கு எரியும். சில நொடிகளில் 7,680 துண்டுகளும் போய்ச்சேரும். dnsmasq இப்படிச் சொல்லும்:

```
dnsmasq-tftp: sent /srv/tftp/wr841nv9_tp_recovery.bin to 192.168.0.86
```

அனுப்பியாயிற்று என்ற அந்த வரியைப் பார்த்ததும் உடனே அணைத்து இயக்கிப் பார்க்கத் தோன்றும். அங்கேதான் இரண்டாவது முறை சாகடிக்கிறார்கள். ஃபைல் போய்ச்சேர்ந்தது தற்காலிக நினைவகத்துக்கு. சில்லை அழித்து எழுதும் வேலை இப்போதுதான் தொடங்குகிறது, அதற்குத் திரையில் எந்த அடையாளமும் இல்லை. ஓரிரு நிமிடத்தில் ரவுட்டர் தானே மறுதொடக்கம் செய்து விளக்குகளை வழக்கம்போல எரியவிடும். ஐந்து நிமிடம் வரை தொடாமல் இருப்பது நல்லது. அதன்பிறகு லேப்டாப்பைத் தானியங்கி எண்ணுக்கு மாற்றி 192.168.0.1 போனால் புதிதாக வாங்கிய பெட்டிபோல admin என்ற பெயரும் admin என்ற பாஸ்வேர்டும் கேட்டு நிற்கும். முதல் வேலையாக அந்தப் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். அடுத்து config.bin. ஏற்கவில்லை என்றால் கைபேசியில் எடுத்த படங்கள்.

ஃபைல் போயும் பெட்டி எழவில்லை என்றால் வெட்டாமல் விட்ட boot ஃபைலோ வேறு பதிப்பின் ஃபைலோ காரணமாக இருக்கும். சரியானதைத் தயாரித்து அதே வழியில் மறுபடி அனுப்பலாம். விளக்கு எரிந்தும் பதிவில் ஒன்றும் விழவில்லை என்றால் Wireshark மென்பொருளில் arp என்று வடிகட்டிப் பார்க்கலாம். 192.168.0.66 யார் என்று 192.168.0.86 கேட்டுக்கொண்டிருந்தால் ரவுட்டர் தன் வேலையைச் செய்கிறது, கோளாறு லேப்டாப் பக்கம்தான்.

பட்டனை அழுத்தி எத்தனை முறை இயக்கினாலும் அந்த விளக்கு எரியவில்லை, கேபிளில் ஒரு சத்தமும் இல்லை என்றால் பூட்லோடரே போயிருக்கலாம். சாதாரணப் புதுப்பித்தலில் அந்த 128 கிலோபைட்டை யாரும் தொடுவதில்லை. பூட்லோடரையும் சேர்த்து எழுதும் ஃபைலை ஏற்றும்போது கரண்ட் போனால் இந்த நிலை வரும். அப்போது டிஎஃப்டிபியால் ஆகாது. பெட்டியைத் திறந்து, எட்டுக் கால் ஃபிளாஷ் சில்லின் மேல் கிளிப் மாட்டி, CH341A என்ற மலிவான புரோகிராமர் வழியாக நேரடியாக எழுத வேண்டும். அதற்கும் முன்னால் சில்லில் இருப்பதை முழுவதும் படித்துச் சேமிக்க வேண்டும். கடைசி 64 கிலோபைட்டின் ரேடியோ அளவீடு மறுபடி கிடைக்காது என்பது ஒன்று. இந்த மாடலில் மேக் முகவரியும் பூட்லோடர் பகுதியின் கடைசியில்தான் எழுதியிருக்கிறது என்பது இன்னொன்று. நண்பர் வீட்டுப் பெட்டியின் நகலை அப்படியே எழுதினால் அவர் வீட்டு மேக் முகவரியும் அவர் ரேடியோவின் அளவீடும் உங்கள் பெட்டியில் வந்து உட்காரும்.

மற்ற நிறுவனங்களில் இதே நாடகத்தில் வேடம் மாறும். நெட்கியர் ரவுட்டர்கள் பலவற்றில் பூட்லோடர் கேட்பதில்லை, 192.168.1.1 என்ற எண்ணில் தானே காத்திருக்கும். ரீசெட்டை அழுத்தி இயக்கி, பவர் விளக்கு சிமிட்டத் தொடங்கியதும் கம்ப்யூட்டர்தான் ஃபைலைத் தள்ள வேண்டும்:

```
tftp -i 192.168.1.1 put firmware.img
```

அந்த -i முக்கியம். ஃபைலை ஒரு பைட்கூட மாற்றாமல் அனுப்பு என்பது அதன் பொருள். விட்டுவிட்டால் எழுத்துகளை அனுப்பும் பழைய முறையில் போய், வரி முடிவுபோல் தெரியும் பைட்டுகள் மாறிச் சேரும். ஆக, எந்த மாடலாக இருந்தாலும் முன்னதாகத் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று: யார் கேட்பவர், எந்த எண், எந்தப் பெயர்.

இணைப்பு நிறுவனமே சுவரில் மாட்டிவிட்டுப் போன ஃபைபர் பெட்டிகளுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அவற்றின் ஃபர்ம்வேரை நிறுவனம் தொலைவிலிருந்து தானே மாற்றுகிறது. அதில் கை வைத்துக் கெட்டால் ஃபைபர் இணைப்பின் அடையாளமும் சேர்ந்து போகலாம், பெட்டியும் உங்களுடையது அல்ல.

TL-WR841N V9 பற்றி ஒரு வார்த்தை. 241108 அந்தக் குறிப்பிட்ட ஓட்டையை அடைக்கிறது. ஆதரவு முடிந்த மாடல் என்பதால் அடுத்த ஓட்டைக்கும் இப்படி ஒரு ஃபைல் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. 4 மெகாபைட் சில்லும் 32 மெகாபைட் நினைவகமும் ஓபன்டபிள்யூஆர்டி போன்ற மாற்று ஃபர்ம்வேரின் இன்றைய பதிப்புகளுக்கும் போதாது. இப்போதைக்குப் புதுப்பித்து ஓட்டலாம். அடுத்து வாங்கும் ரவுட்டருக்கு எந்த ஆண்டுவரை ஃபர்ம்வேர் தருவார்கள், கெட்டால் மீட்கும் வழி என்ன என்று கடையில் பணம் கொடுப்பதற்கு முன் நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.